ஓடாத சேவையை எப்போது நிறுத்துவது, செலவை எப்படி இறக்குவது: ஒரு செந்தூல் சாப்பாட்டுக் கடையின் கணக்கு

போன வருடம் ஏப்ரல் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், செந்தூலில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அக்கா என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கடைக்கு வந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு வியாபாரம், வார இறுதிக் கேட்டரிங் ஒரு வியாபாரம். மூன்றாவது, ஜாலான் அம்பாங், கேஎல்சிசி பக்கத்து அலுவலகங்களுக்கு மாதக் கட்டணத்தில் போகும் மதியச் சாப்பாட்டுப் பெட்டி. இதைக் கடையில் எல்லோரும் 'ஆபீஸ் சாப்பாடு' என்றுதான் சொல்வார்கள்.

"தம்பி, இந்த ஆபீஸ் சாப்பாட்டை நிறுத்திடலாமா? மாசம் ஆயிரத்து அறுநூறு வெள்ளி கைய விட்டுப் போகுதே" என்றார்.

அவர் கையிலிருந்த தாளில் அந்த நஷ்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கே அதை நிறுத்தியிருந்தால் கடைக்கு மாதம் கிட்டத்தட்ட 1,700 ரிங்கிட் குறைந்திருக்கும். நான்கு மாதம் கழித்து, போகும் செலவை மட்டும் கழித்துப் பார்த்தால் அதே சேவை இன்னும் மிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. அப்போது நிறுத்தச் சொன்னேன். சிறு கடைகளின் கணக்கை எழுதிக் கொடுப்பதே என் வேலை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் அநேகம் பேர் தவறான தாளைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதனால் இந்த ஒரு கடையின் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை எழுதுகிறேன். உங்கள் கடை துணிக்கடையாக இருந்தாலும் அச்சகமாக இருந்தாலும் இதே வரிசையில் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: போகும் செலவையும் போகாத செலவையும் பிரியுங்கள்

அக்காவின் தாளில் நஷ்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். கடையின் மொத்த விற்பனையில் ஆபீஸ் சாப்பாடு ஐந்தில் ஒரு பங்கு. வாடகை, தலைமைச் சமையல்காரர், பரிமாறுகிறவர்கள், மின்சாரம், லைசென்ஸ், வேனின் மாதத் தவணை என்று பொதுச் செலவு மாதம் 22,500 ரிங்கிட். கணக்கு எழுதியவர் அதிலும் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 4,500 ரிங்கிட்டை, ஆபீஸ் சாப்பாட்டின் தலையில் வைத்துவிட்டார். ஆண்டுக் கணக்குக்கு அப்படிப் பிரிப்பதில் தவறில்லை. நிறுத்துவதா வேண்டாமா என்ற கேள்விக்கு மட்டும் அந்தத் தாள் உதவாது. ஆபீஸ் சாப்பாட்டை நிறுத்தினால் வீட்டுக்காரர் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கப் போவதில்லை.

ஆகவே ஒவ்வொரு செலவையும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இந்தச் சேவையை நாளைக்கு நிறுத்தினால், மூன்று மாதத்துக்குள் இந்தப் பணம் வங்கியிலிருந்து வெளியே போவது நிற்குமா? நிற்கும் என்றால் அது போகும் செலவு. நிற்காது என்றால் போகாத செலவு. அதை இந்தக் கணக்குக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

அக்கா கடையில் ஒரு பெட்டி 12 ரிங்கிட். அரிசி, காய், கோழி, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்ந்து 5.20. பெட்டி, கரண்டி, பை 90 காசு. ஆக 6.10 போனால் பெட்டிக்கு 5.90 மிச்சம். மார்ச்சில் ஒரு நாளைக்குச் சராசரி 60 பெட்டி, 22 வேலை நாள். மாதம் 7,788 ரிங்கிட் மிச்சம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சந்தாதாரர் எண்ணிக்கையை வைத்துப் பெருக்காதீர்கள். அக்காவிடம் 74 பேர் பெயர் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு, திங்களும் வெள்ளியும் பாதிப் பேர் "இன்னைக்கு வேணாம்" என்று செய்தி அனுப்பிவிடுவார்கள். விட்ட நாள் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். உண்மையில் வண்டி ஏறியது 60 பெட்டிதான். டெலிவரி நோட்டை எடுத்து எண்ணினால்தான் இது தெரியும்.

அடுத்தது, மாதாமாதம் போகும் செலவு. டிரைவருக்குச் சம்பளம் 2,000. முதலாளி கட்டும் இபிஎப் 13 சதவீதம் 260. சொக்சோவும் வேலை காப்புறுதியும் சேர்ந்து சுமார் 40. ஆக 2,300. காலையில் பெட்டி கட்ட மட்டும் வரும் உதவியாளருக்கு எல்லாம் சேர்த்து 1,250. பெட்ரோல், டோல், வண்டி சர்வீஸ் 850. கட்டிவைத்துப் போகாத பெட்டி, கொட்டிப்போனது, குறை சொன்னவர்களுக்குத் திரும்பக் கொடுத்தது என்று 500. மொத்தம் 4,900.

பொதுச் செலவில் இருந்த வேன் தவணை 720 ரிங்கிட்டையும் அக்கா இந்தப் பட்டியலுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அதே வேன்தான் சனி, ஞாயிறு கேட்டரிங்குக்கு அண்டாக்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஆபீஸ் சாப்பாடு நின்றாலும் வேன் வேண்டும். 'இந்தச் சேவைக்காக வாங்கியது' என்பதும் 'இந்தச் சேவையோடு போய்விடும்' என்பதும் ஒன்றல்ல. வண்டி, இயந்திரம், குளிர்பெட்டி விஷயத்தில் எல்லோரும் இடறுகிற இடம் இது.

7,788-லிருந்து 4,900 போனால் 2,888. அதாவது மார்ச்சில் ஆபீஸ் சாப்பாடு கடையின் பொதுச் செலவுக்கு மாதம் 2,888 ரிங்கிட் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் 4,500 ரிங்கிட் பங்கை ஏற்றியதால்தான் தாளில் 1,612 நஷ்டம் என்று தெரிந்தது. நிறுத்தியிருந்தால் அந்தப் பங்கு முழுவதும் இலைச் சாப்பாட்டின் மேலும் கேட்டரிங்கின் மேலும் ஏறியிருக்கும். அடுத்த வருடம் கேட்டரிங்கும் நஷ்டம் என்று தாள் சொல்லியிருக்கும்.

படி 2: இது பிடித்துவைத்திருக்கும் இடத்துக்கு விலை போடுங்கள்

மிச்சம் இருக்கிறது என்பதால் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கடையிலும் எது தட்டுப்பாடு என்று ஒன்று இருக்கும். அக்கா கடையில் அது காலை ஏழிலிருந்து பத்தரை வரைக்குமான அடுப்பும் சமையல்காரரின் கையும். அந்த நேரத்தை ஆபீஸ் சாப்பாடு பிடித்துக்கொண்டதால், வார நாளில் வரும் மதிய விருந்து ஆர்டர்களை அக்கா வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தனை ஆர்டர்க்கா?" என்றேன். "நிறைய வரும் தம்பி" என்றார். 'நிறைய' என்பதை வைத்துக் கணக்கு போட முடியாது. சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அதற்கு முந்தைய எட்டு வாரத்தில் மறுத்த ஒவ்வொரு ஆர்டரையும், எத்தனை பேர், என்ன விலை கேட்டார்கள் என்பதோடு அந்தந்தத் தேதிக் கட்டத்தில் எழுதச் சொன்னேன். எட்டு வாரத்தில் ஆறு ஆர்டர். மாதத்துக்கு மூன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 பேருக்கு, ஆளுக்கு 18 ரிங்கிட். 900-லிருந்து சாமானுக்கு 425, கூலிக்கும் பெட்ரோலுக்கும் 75 போனால் ஆர்டருக்கு 400 மிச்சம். மாதம் 1,200.

இந்த 1,200-தான் ஆபீஸ் சாப்பாடு கட்ட வேண்டிய உண்மையான வாடகை. மார்ச் நிலவரப்படி அது 2,888 கொண்டுவந்தது, 1,200-ஐத் தடுத்தது. கழித்தால் கடைக்கு 1,688 லாபம். அதனால்தான் அன்றைக்கு நிறுத்த வேண்டாம் என்றேன்.

மறுத்த ஆர்டரே இல்லாத கடையாக இருந்தால் இந்தத் தொகை பூஜ்யம். காலியாகும் நேரத்தில் 'ஏதாவது செய்யலாம்' என்ற எண்ணத்துக்கு விலை போடாதீர்கள். உங்கள் நாட்காட்டியில் எழுதியிருப்பதற்கு மட்டும் போடுங்கள்.

படி 3: நிறுத்தும் கோட்டை முன்கூட்டியே போடுங்கள்

கோடு போடுவது எளிது. மாதம் போகும் செலவு 4,900, தடுக்கப்பட்ட வருமானம் 1,200. இரண்டும் சேர்ந்து 6,100. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி மாதம் முழுக்கப் போனால் 22 முறை 5.90, அதாவது 129.80 ரிங்கிட். 6,100-ஐ 129.80-ஆல் வகுத்தால் 47. ஒரு நாளைக்கு 47 பெட்டிக்குக் கீழே இறங்கினால் இந்தச் சேவை கடைக்குப் பாரம்.

வெறும் 4,900-ஐ வகுத்தால் 38 வரும். 38-க்கும் 47-க்கும் நடுவில் இருக்கிற இடம் ஏமாற்றும் இடம். அங்கே கையில் காசு வந்துகொண்டே இருக்கும். போகும் செலவை மட்டும் கழித்த தாள் நஷ்டம் என்று சொல்லாது. பல கடைகள் வருடக்கணக்கில் அங்கேயே நிற்கின்றன.

கோடு போட்டதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அப்படின்னா விலைய ஏத்தினா?" சரியான கேள்வி. நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு முறை, ஒரு கெடு வைத்துச் சரிசெய்து பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெட்டி 13 ரிங்கிட் என்று சந்தாதாரர்களுக்குச் செய்தி அனுப்பினார். பெட்டிக்கு மிச்சம் 6.90 ஆனது, கோடு 47-லிருந்து 41-க்கு இறங்கியது. தூரத்து அலுவலகங்களை விட்டுவிடலாமா என்றும் பார்த்தோம். விட்டால் பெட்ரோலில் கொஞ்சம் குறையும், டிரைவர் சம்பளத்தில் ஒரு காசும் குறையாது. ஆள் செலவு முழு ஆளாகத்தான் வரும், முழு ஆளாகத்தான் போகும். வாடிக்கையாளரில் பாதியைக் குறைத்து அரை டிரைவரை வைத்துக்கொள்ள வழியில்லை. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

அப்புறம் விதியை ஒரு தாளில் எழுதி அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். இரண்டு மாதம் தொடர்ந்து சராசரி 41-க்குக் கீழே போனால் நிறுத்துவது. ஏன் இரண்டு மாதம் என்றால், நோன்பு மாதம், பள்ளி விடுமுறை, தீபாவளி வாரம் என்று ஒரு மாதம் தனியாகச் சரியும். அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஏன் கையெழுத்து என்றால், இந்தச் சேவையை ஆரம்பித்தது அக்காவின் மறைந்த கணவர். அந்த நாள் வரும்போது மனசு வராது என்று இருவருக்கும் தெரியும். எண் கீழே போனபிறகு கோடு போட உட்கார்ந்தால் கோடும் கீழேதான் போகும்.

ஏப்ரலில் சராசரி 51. மே 44. ஜூன் 38. ஜூலை 36.

படி 4: கூடவே போகக்கூடியது எது என்று பாருங்கள்

ஜூலையில் 36 பெட்டிக்கு மாத மிச்சம் 5,465. போகும் செலவு 4,900 கழித்தால் 565 கையில் நின்றது. காலியாகும் காலை நேரம் தரக்கூடியது 1,200. நிறுத்தினால் மாதம் 635 கூடும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஆபீஸ் சாப்பாடு சாப்பிடுகிறவர்தானே மகளின் காதுகுத்துக்கும் வீட்டுப் பூஜைக்கும் கேட்டரிங் சொல்கிறார்? அது போய்விட்டால்?

இதை ஊகத்தில் விடாமல், கடந்த 12 மாதக் கேட்டரிங் ரசீதுகளையும் சந்தாதாரர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் போன் எண்ணை ஒப்பிட்டோம். ஒன்றரை மணி நேர வேலை. சந்தாதாரர்கள் கொடுத்த ஆர்டர் ஒன்பது. அதில் ஆறு பேர் முதலில் கேட்டரிங் வாடிக்கையாளர்கள், பிறகுதான் பெட்டி எடுத்தவர்கள். அவர்கள் எப்படியும் வருவார்கள். மூன்று பேர் மட்டும் பெட்டி வழியாக வந்தவர்கள். ஒரு ஆர்டருக்குச் சராசரி 600 மிச்சம் என்றால் வருடத்துக்கு 1,800, மாதத்துக்கு 150. அந்த மூன்றும் போய்விடும் என்றே வைத்துக்கொண்டோம். 635-லிருந்து 150 போனால் 485.

இந்த ஒப்பீட்டை எல்லாக் கடைக்கும் கட்டாயம் என்று சொல்வேன். புடவைக் கடை ஒன்றில் ரவிக்கை தைக்கும் பிரிவு தனியாகப் பார்த்தால் நஷ்டமாகத்தான் இருந்தது. ரசீதை ஒப்பிட்டபோது, விலை உயர்ந்த புடவை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதே நாளில் ரவிக்கை அளவும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பிரிவை மூடியிருந்தால் புடவை விற்பனையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

படி 5: வெளியே வரும் செலவைச் சட்டப்படி கணக்கிடுங்கள்

அக்காவின் டிரைவர் சரியாக மூன்று வருடம் வேலை செய்தவர். அவரைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கடைசியில் கண்டுபிடிக்கக் கூடாது.

முதலில் நோட்டீஸ். வேலை ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவான காலம் எழுதியிருந்தாலும், ஆள் குறைப்பு என்றால் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவான ஊழியருக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம். அடுத்தது பணிநீக்கத் தொகை. 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு வருடம் முடித்தவர்களுக்கு இது உண்டு. இரண்டு வருடத்துக்குக் கீழே என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். முடியாத வருடத்துக்கு மாதக் கணக்கில் பங்கு. டிரைவரின் ஒரு நாள் சம்பளத்தை 2,000 பெருக்கல் 12, வகுத்தல் 365 என்று போட்டால் 65.75. மூன்று வருடத்துக்கு 45 நாள். சுமார் 2,960 ரிங்கிட். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தொழிலாளர் இலாகாவுக்குப் பிகே படிவம் அனுப்ப வேண்டும், ஆள் குறைப்புக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே. ஒரே ஓர் ஆள்தானே என்று சின்னக் கடைக்காரர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. அதே வேலையில் உள்ளூர்க்காரரும் வெளிநாட்டு ஊழியரும் இருந்தால், வெளிநாட்டவரைத்தான் முதலில் குறைக்கவேண்டும் என்பதும் சட்டம். நோட்டீஸ் கொடுக்கும் அன்றே டிரைவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: வேலை இழந்த 60 நாளுக்குள் சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் அவர் மனுச் செய்யலாம். மாதாமாதம் அவர் சம்பளத்திலிருந்தும் பிடித்த பணம் அது. பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கெடு தாண்டியபிறகு வந்து கேட்கிறார்கள்.

காலை உதவியாளர் விஷயத்தில் கவனம் வேண்டும். "அவங்கள கடைக்குள்ளயே வெச்சுக்கலாம்" என்று அக்கா சொன்னார். நல்ல மனசு. ஆனால் அப்படி வைத்துக்கொண்டால் 1,250 ரிங்கிட் போகும் செலவாக இல்லாமல் ஆகிவிடும். நம் கணக்கு முழுவதும் உடையும். நல்ல வேளையாக, பரிமாற ஓர் ஆள் எடுக்க அக்கா அப்போது விளம்பரம் கொடுத்திருந்தார். அந்த இடத்துக்கு இவரையே போட்டார். புது ஆள் எடுக்கவில்லை. அதனால் அந்தச் சேமிப்பு உண்மையாகவே நின்றது. காலி இடம் இல்லாமல் ஆளை மட்டும் நகர்த்தினால் செலவு பெயர் மாறும், குறையாது.

ஆக வெளியேறும் செலவு 2,960. மாதம் 485 கூடுகிறது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடும். இது ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும் என்றால் நான் அவசரப்படச் சொல்ல மாட்டேன்.

வாடிக்கையாளர் பக்கம் ஒன்றே ஒன்றில்தான் சிக்கல் வரும்: முன்பணம். அக்காவின் நீலநிற நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, விட்ட நாள்கள் சிவப்புப் பேனாவில் கோடு கோடாக இருந்தன. கூட்டினால் 112 பெட்டி பாக்கி. 13 ரிங்கிட்டால் பெருக்கினால் 1,456. இது வாடிக்கையாளரின் பணம், கடையின் பணமல்ல. ஆகஸ்ட் நடுவில் டிரைவருக்கு நோட்டீஸ் கொடுத்த அதே வாரத்தில், செப்டம்பர் கடைசி நாளோடு சேவை நிற்கிறது என்று எல்லோருக்கும் எழுதினார். பாக்கி நாள்களைக் கடைக்கு வந்து இலைச் சாப்பாடாகச் சாப்பிடலாம், பணமாகவும் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு வழி கொடுத்தார். புதுச் சந்தா அன்றே நின்றது. செப்டம்பருக்கு மாதப் பணம் வாங்காமல் வாரப் பணம் வாங்கினார். அதனால் கடைசி நாளில் யாருக்கும் பெரிய பாக்கி நிற்கவில்லை. டிரைவரின் ஆறு வாரமும் அன்றோடு முடிந்தது.

படி 6: செலவு நிஜமாகவே இறங்கியதா என்று பின்தொடருங்கள்

சேவை நின்ற மறுநாளே செலவு நின்றுவிடாது. அதை ஒவ்வொன்றாகப் போய் நிறுத்த வேண்டும். எங்கே பழக்கம் இருக்கிறதோ அங்கே செலவு ஒளிந்துகொள்ளும்.

அக்டோபர் இரண்டாவது வாரம் கடைக்குப் போனேன். அரிசி எவ்வளவு போடுகிறீர்கள் என்று சமையல்காரரிடம் கேட்டேன். ஆபீஸ் சாப்பாடு இருந்தபோது ஒரு நாளைக்கு 22 கிலோ. 36 பெட்டிக்கு, பெட்டிக்கு 150 கிராம் என்றால் ஐந்தரை கிலோ குறைந்திருக்க வேண்டும். அவர் இன்னும் 20 கிலோ போட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை. அதே அண்டா, அதே தண்ணீர் அளவு, கைக்குப் பழகிப்போன கணக்கு. மிஞ்சிய சோறு மூன்று மணிக்குப் பின்கட்டு வாளியில் இருந்தது. அந்த வாளியை அங்கேயே தராசில் வைத்தோம்: ஒன்பது கிலோ. ஊறி வெந்த சோறு என்பதால், அரிசியாகப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றரை கிலோ. எங்கே போகிறது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

அதற்குப்பிறகு சமையலறை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. அரிசி, பருப்பு, கோழி மூன்றுக்கும் அன்றைய அளவைக் காலையில் அக்காவே எழுதுவார். மூன்று மணிக்கு வாளியின் எடையைப் பக்கத்தில் எழுதுவார்கள். அடுத்த வாரம் அரிசி 17 கிலோவுக்கு வந்தது.

கோழியில் வேறு கதை. செலாயாங்கிலிருந்து போடும் வியாபாரி ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் எடுத்தால் ஒரு விலை, அதற்குக் கீழே கிலோவுக்கு 40 காசு கூடுதல் என்று வைத்திருந்தார். ஆபீஸ் சாப்பாடு போனதும் அக்காவின் அளவு 26 கிலோவுக்கு இறங்கியது. 26 கிலோ, 26 நாள், 40 காசு என்று போட்டால் மாதம் 270 ரிங்கிட். இதை நான் படி 1-லேயே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. 485-ல் பாதிக்கு மேல் இதில் போயிருக்கும். பக்கத்து வரிசையில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனோடு பேசி, இரண்டு கடைக்கும் ஒரே பில்லில் எடுக்க ஏற்பாடு செய்தபிறகு பழைய விலை திரும்பியது. ஒரு சேவையை நிறுத்தும்போது மிச்சச் சரக்கின் கொள்முதல் விலை ஏறுமா என்று ஒவ்வொரு வியாபாரியிடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேறு சிறு கசிவுகள் வங்கி அறிக்கையில் தெரியும். 30, 60, 90-ஆவது நாளில், நிறுத்துவதற்கு முந்தைய மாதத்தின் அறிக்கையையும் அந்த மாத அறிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்து வரி வரியாகப் பாருங்கள். பெட்ரோல், டோல் 850 குறைய வேண்டிய இடத்தில் முதல் மாதம் 610-தான் குறைந்திருந்தது. வேன் சும்மா நின்றதால் வீட்டு வேலைக்கெல்லாம் அதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சாவியைக் கடைக் கல்லாவில் வைத்து, போகும்போது நோட்டில் எழுதச் சொன்னதும் அது நின்றது. ஆர்டர் எடுக்க வைத்திருந்த தனிப் போன் எண்ணின் மாதக் கட்டணம் இரண்டாவது மாதத்தில்தான் கண்ணில் பட்டது. வாங்கிக் குவித்திருந்த பெட்டிகளைக் கடையில் தாப்பாவ் கட்டப் பயன்படுத்தினார்கள். ஸ்டிக்கரை மட்டும் தூக்கிப்போட வேண்டியிருந்தது.

வருமானப் பக்கத்தையும் அதே நாளில் பார்க்க வேண்டும். மறுத்துக்கொண்டிருந்த மதிய விருந்து ஆர்டர் நிஜமாகவே வந்ததா? அக்டோபரில் இரண்டு, நவம்பரில் நான்கு, டிசம்பரில் மூன்று. சராசரி நாம் போட்ட மூன்றுதான். வராமல் போயிருந்தால், பெட்டி வழியாக வந்த கேட்டரிங்கின் 150-ஐயும் சேர்த்துக் கடைக்கு மாதம் 715 குறைந்திருக்கும். அப்படி ஆனால் சமையல்காரரின் காலை நேரத்தையும் குறைக்க வேண்டும் என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

90-ஆவது நாள் கணக்கில் மிச்சம் நின்ற ஒரே பெரிய வரி வேன் தவணை. இப்போது அது வாரத்தில் இரண்டு நாளும், மதிய விருந்து இருக்கும் நாளும்தான் ஓடுகிறது. மாதம் 720 தவணை, அதற்கு மேல் காப்புறுதி, சாலை வரி. விற்றால் கடன் அடைத்து மிஞ்சுவது எவ்வளவு, தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு என்று இரண்டு விலையையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார் அக்கா. மார்ச் வரை மதிய விருந்து எத்தனை நாள் ஓடுகிறது என்று அதே நாட்காட்டியில் எழுதிக்கொண்டு வருகிறார்; அதை எண்ணிவிட்டு வேனுக்கு ஒரு கோடு போடுவோம்.